வெண்டர் கோடு கொடுப்பதற்கு முன்: புதிய சப்ளையரை எப்படிச் சரிபார்க்கிறார்கள்?

ஒரு நிறுவனம் புதிதாக ஒருவரிடம் சரக்கு வாங்க முடிவு செய்கிறது. விலை பேசி முடித்தாகிவிட்டது, மாதிரியும் பார்த்தாகிவிட்டது. ஆனால் ஆர்டர் போடப் போனால் மென்பொருள் வெண்டர் கோடு கேட்கிறது. அந்தக் கோடு இல்லாமல் பர்ச்சேஸ் ஆர்டரும் போட முடியாது, பணமும் அனுப்ப முடியாது. அக்கவுண்ட்ஸ் பிரிவில் கேட்டால் ஒரு படிவத்தையும் ஆவணப் பட்டியலையும் கையில் கொடுத்துவிட்டு, “இதெல்லாம் வந்தபிறகு பார்க்கலாம்” என்கிறார்கள். சரக்கு அவசரமாக வேண்டும் என்று நிற்பவருக்கு இது வீண் இழுத்தடிப்பாகத்தான் தெரியும்.

அந்தக் கோடுக்குப் பின்னால் இருக்கும் வெண்டர் ரெக்கார்ட் என்பது என்ன என்று தெரிந்துகொண்டால் இந்தப் பட்டியலின் காரணம் புரிந்துவிடும். பெயர், முகவரி, வரிப் பதிவு எண், வங்கிக் கணக்கு எண், எத்தனை நாளில் பணம் தரவேண்டும் என்ற நிபந்தனை, இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்த ரெக்கார்ட். பார்ப்பதற்கு முகவரிப் புத்தகம் போல இருக்கும். ஆனால் அது உருவான கணத்திலிருந்து மென்பொருள் அதை முழுதாக நம்பத் தொடங்கிவிடுகிறது. இன்வாய்ஸ் வரும்போது ஆர்டரோடும் சரக்கு வந்த ரசீதோடும் ஒப்பிடுவார்கள், தொகை சரியா என்று பார்ப்பார்கள். பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்று அந்தக் கட்டத்தில் யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. வாராவாரம் கொடுக்கவேண்டிய பணத்தையெல்லாம் மொத்தமாக அனுப்பும் பேமெண்ட் ரன் ஓடும்போது நூற்றுக்கணக்கான பேமெண்ட் பதிவுகள் வங்கிக்குப் போகும். ஒவ்வொரு பதிவிலும் உள்ள கணக்கு எண் ரெக்கார்டிலிருந்து தானாக எடுக்கப்பட்டதாகவே இருக்கும்.

ஆகவே கேட்கவேண்டியதை எல்லாம் ரெக்கார்ட் உருவாவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். கேள்விகளும் உண்மையில் மூன்றுதான். இவர் சட்டப்படி யார்? இந்த வங்கிக் கணக்கு அவருடையதுதானா? இவருக்குப் பணம் கொடுக்க நமக்கு ஏதாவது தடை இருக்கிறதா? படிவத்தில் இருக்கும் நாற்பது கட்டங்களும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றுக்குப் பதில் தேடுபவைதான்.

பெயர் பொருந்தினால் போதாது

2013 முதல் 2015 வரை நடந்த ஒரு மோசடியை இந்த வேலையில் இருப்பவர்கள் அனைவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எவால்தாஸ் ரிமாசாவ்ஸ்காஸ் என்ற லித்துவேனியர் லாட்வியாவில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்தார். தைவானைச் சேர்ந்த கணினி வன்பொருள் தயாரிப்பாளரான குவாண்டா கம்ப்யூட்டரின் பெயரையே அதற்கு வைத்தார். அந்த நிறுவனத்தின் பெயரில் லாட்வியாவிலும் சைப்ரஸிலும் வங்கிக் கணக்குகள் திறக்கப்பட்டன. உண்மையான குவாண்டாவோடு வழக்கமாக வணிகம் செய்துவந்த கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போலி மின்னஞ்சல்களும் இன்வாய்ஸ்களும் போயின. இரண்டு நிறுவனங்களிடமிருந்தும் சேர்த்து 12 கோடி டாலருக்கு மேல் அந்தக் கணக்குகளுக்குப் போய்ச் சேர்ந்தது. 2017இல் அவர் கைது செய்யப்பட்டார், 2019இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், அந்த ஆண்டு டிசம்பரில் ஐந்து ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

இதில் கவனிக்கவேண்டியது, ஆவணங்கள் எல்லாமே போலி அல்ல என்பது. நிறுவனம் உண்மையாகவே பதிவானது. வங்கிக் கணக்கும் உண்மையாகவே அந்தப் பெயரில்தான் இருந்தது. “கணக்குப் பெயரும் சப்ளையர் பெயரும் ஒன்றா?” என்று மட்டும் கேட்டிருந்தால் ஆமாம் என்றே பதில் வந்திருக்கும். வேறுபாடு பெயரில் இல்லை, பதிவு எண்ணில் இருந்தது. தைவானில் பதிவான நிறுவனத்தின் எண் வேறு, லாட்வியாவில் பதிவானதன் எண் வேறு.

அதனால்தான் ஒரு நிறுவனத்தின் அடையாளமாகப் பெயரை எடுத்துக்கொள்ளக் கூடாது, பதிவு எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். ஒரே பெயரில் வெவ்வேறு நாடுகளில் எத்தனை நிறுவனம் வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரு நாட்டின் பதிவேட்டில் ஒரு பதிவு எண் ஒரே ஒரு நிறுவனத்துக்குத்தான் இருக்கும். வரிப் பதிவு எண்ணும் அப்படித்தான். இந்த எண்களைச் சப்ளையர் அனுப்பிய காகிதத்தில் படித்துவிட்டு நிறுத்தாமல், அரசின் பதிவேட்டிலேயே தேடிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான நாடுகளில் நிறுவனப் பதிவேடும் வரிப் பதிவுச் சரிபார்ப்பும் இணையத்திலேயே கிடைக்கின்றன. சான்றிதழின் படத்தைத் திருத்துவது எளிது. பதிவேட்டில் இருப்பதைத் திருத்துவது அவ்வளவு எளிதல்ல.

ஒரு சப்ளையரை முழுதாகப் பார்ப்போம்

அட்டைப்பெட்டி செய்யும் ஒரு சிறிய சப்ளையரை எடுத்துக்கொள்வோம். தயாரிப்புப் பிரிவு மேலாளர் ஒருவர் அவரைக் கண்டுபிடித்து, வெண்டர் கோடு வேண்டும் என்று கோரிக்கை அனுப்புகிறார்.

கோரிக்கை வந்ததும் முதலில் பார்க்கவேண்டியது, இவர் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறாரா என்பது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் ஒரே சப்ளையருக்கு இரண்டு ரெக்கார்ட் இருந்தால் அதில் ஒரு ஆபத்து உண்டு. ஒரே இன்வாய்ஸ் இரண்டு முறை பதிவானால் மென்பொருள் எச்சரிக்கும் என்று நாம் நம்பியிருப்போம். அந்த எச்சரிக்கை பொதுவாக வெண்டர் கோடு, இன்வாய்ஸ் எண், தேதி, தொகை ஆகியவை ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் வேலை செய்கிறது. கோடு வேறாக இருந்தால் மென்பொருளுக்கு அவர்கள் இரண்டு வெவ்வேறு ஆட்கள். அதே இன்வாய்ஸ் ஒருமுறை மின்னஞ்சலில் வந்து ஒரு கோடில் ஏறும், மறுமுறை தபாலில் வந்து இன்னொரு கோடில் ஏறும். இரண்டுக்கும் பணம் போகும், எச்சரிக்கை வராது. பெயரை வைத்துத் தேடினால் எழுத்து வித்தியாசத்தில் தவறிவிடும். வரிப் பதிவு எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் வைத்துத் தேடினால்தான் பிடிபடும். வங்கிக் கணக்கு எண்ணை ஊழியர்களின் சம்பளக் கணக்கு எண்களோடும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. ஊழியர் ஒருவரே சப்ளையர் வேடம் போடும் மோசடி பல இடங்களில் இந்த ஒரே ஒப்பீட்டில் வெளிவந்துவிடும்.

நம் அட்டைப்பெட்டிக்காரர் பட்டியலில் இல்லை. சரி, புதியவர். அப்புறம் படிவம் போகிறது. இங்கே ஒரு நிபந்தனை: படிவத்தைச் சப்ளையரே நிரப்ப வேண்டும். கோரிக்கை வைத்த மேலாளர் அவருக்காக நிரப்பிக் கொடுக்கக் கூடாது. நல்ல எண்ணத்தில்தான் பலரும் அப்படிச் செய்கிறார்கள், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று. ஆனால் அப்போது வங்கி விவரம் சப்ளையரிடமிருந்து வந்ததா, நம் ஆள் எழுதியதா என்று சொல்ல முடியாமல் போய்விடும்.

படிவத்தோடு நான்கு காகிதங்கள் வருகின்றன: நிறுவனப் பதிவுச் சான்றிதழ், வரிப் பதிவுச் சான்றிதழ், வங்கி கொடுத்த கடிதம், நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திட அதிகாரம் பெற்றவர் யார் என்று காட்டும் தீர்மானம். இவற்றைக் கோப்பில் வைத்து “பெறப்பட்டது” என்று டிக் அடிப்பது சேகரிப்பு மட்டும்தான். சரிபார்ப்பு இன்னும் தொடங்கவே இல்லை. நான்கையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் பரப்பி, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடும்போதுதான் அது தொடங்குகிறது.

ஒப்பிட்டால் இப்படி வருகிறது. பதிவுச் சான்றிதழில் தனியார் நிறுவனம் ஒன்றின் பெயர் இருக்கிறது, பதிவான தேதி நான்கு மாதத்துக்கு முன்பு. ஆனால் இணையதளத்தில் பன்னிரண்டு ஆண்டு அனுபவம் என்று போட்டிருக்கிறார்கள். வரிச் சான்றிதழில் புதிய நிறுவனத்தின் பெயர்தான் இருக்கிறது. வங்கிக் கடிதத்தில் இருப்பதோ உரிமையாளரின் சொந்தப் பெயர்.

இதைப் பார்த்ததும் மோசடி என்று முடிவு கட்டவும் கூடாது, “சின்ன கம்பெனிதானே” என்று தள்ளிவிடவும் கூடாது. அவரிடமே கேட்க வேண்டும். கேட்டபோது அவர் சொன்ன காரணம் நியாயமாகவே இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டு தனிநபர் தொழிலாக நடத்தியிருக்கிறார், இப்போதுதான் அதை நிறுவனமாக மாற்றியிருக்கிறார், நிறுவனத்தின் பெயரில் வங்கிக் கணக்கு இன்னும் திறக்கவில்லை. தொழில் வளரும்போது இப்படி நடப்பது சகஜம்.

காரணம் உண்மையாகவே இருந்தாலும் அந்தக் கணக்கை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. ஒப்பந்தத்தில் இருப்பவர், இன்வாய்ஸ் அனுப்புபவர், வரிப் பதிவு வைத்திருப்பவர், பணம் வாங்குபவர் ஆகிய நான்கு பேரும் சட்டப்படி ஒரே ஆளாக இருக்க வேண்டும். நிறுவனமும் அதன் உரிமையாளரும் சட்டத்தின் கண்ணில் இரண்டு வெவ்வேறு ஆட்கள். நிறுவனம் இன்வாய்ஸ் அனுப்பி, பணம் உரிமையாளரின் சொந்தக் கணக்குக்குப் போனால், நாளைக்கு நிறுவனம் “எங்களுக்குப் பணம் வரவில்லை” என்று சொல்ல இடமிருக்கிறது. பங்குதாரர்களுக்குள் தகராறு வந்தாலோ, நிறுவனம் திவாலானாலோ அந்தப் பேச்சு நிஜமாகவே வரும். வரித் துறை கேட்டால் நாமும் விளக்கம் சொல்லவேண்டியிருக்கும்.

அவருக்கு இரண்டு வழி இருக்கிறது. பழைய தனிநபர் தொழிலின் வரிப் பதிவு இன்னும் செல்லுபடியாகிறது என்றால், அதன் பெயரிலேயே ஒப்பந்தம், இன்வாய்ஸ், கணக்கு எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் நிறுவனத்தின் பெயரில் கணக்கு திறக்கும்வரை காத்திருக்கலாம். பாதி இது, பாதி அது என்பதுதான் கூடாது. அவர் காத்திருக்கும் வழியைத் தேர்ந்தெடுக்கிறார்.

வங்கிக் கணக்கு

ஒரு வாரம் கழித்துப் புதிய கணக்கு எண் மின்னஞ்சலில் வருகிறது. மொத்த வேலையிலும் மிக நிதானமாகச் செய்யவேண்டிய பகுதி இதுதான்.

எண் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்பது முதல் கேள்வி. ஐரோப்பாவிலும் வேறு பல நாடுகளிலும் பயன்படும் ஐபான் என்ற வங்கிக் கணக்கு எண்ணில் இதைச் சரிபார்க்கும் வழி உள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. விளக்கங்களில் வழக்கமாகக் காட்டும் ஒரு மாதிரி எண்ணைப் பாருங்கள்:

```
GB82 WEST 1234 5698 7654 32
```

முதல் இரண்டு எழுத்துகள் நாட்டைக் குறிக்கின்றன. அடுத்த இரண்டு இலக்கங்கள், அதாவது 82, சரிபார்ப்பு இலக்கங்கள். முதல் நான்கு குறிகளையும் எடுத்து எண்ணின் கடைசியில் வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக ஒரு எண்ணைப் போட வேண்டும்: A என்றால் 10, B என்றால் 11 என்று தொடங்கி Z என்றால் 35 வரை. கிடைக்கும் நீண்ட எண்ணை 97ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும்.

```
3214282912345698765432161182 mod 97 = 1
```

ஓர் இலக்கம் தவறினாலோ, பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலோ மீதி 1 வராது. தட்டச்சுப் பிழையை இது நன்றாகப் பிடித்துவிடும். ஆனால் இது சொல்வது அவ்வளவுதான். எண் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்லும், அந்தக் கணக்கு யாருடையது என்று சொல்லாது. மோசடிக்காரரின் கணக்கு எண்ணுக்கும் மீதி 1தான் வரும். மென்பொருள் பச்சை டிக் காட்டியதும் “வங்கி விவரம் சரிபார்த்தாகிவிட்டது” என்று எழுதிவிடுவது புதியவர்களிடம் அடிக்கடி பார்க்கும் பிழை.

கணக்கு யாருடையது என்பதற்கு வங்கிதான் பதில் சொல்ல முடியும். சில இடங்களில் அதற்கு நேரடி வசதி வந்துவிட்டது. பணம் அனுப்பும்போது நாம் எழுதிய பெயரும் கணக்கு வைத்திருப்பவர் பெயரும் பொருந்துகிறதா என்று சொல்லும் சேவை பிரிட்டனில் 2020இல் தொடங்கியது. யூரோ நாணய நாடுகளில் 2025 அக்டோபரிலிருந்து வங்கிகள் இதைத் தரவேண்டும் என்பது சட்டம். இந்த வசதி இல்லாத இடங்களில் கணக்குப் பெயரும் எண்ணும் உள்ள வங்கிக் கடிதத்தையோ, கேன்சல் செய்த காசோலையையோ வாங்குகிறார்கள். சிறு தொகை ஒன்றை அனுப்பிப் பார்ப்பதும் உண்டு. ஆனால் பெயர் பார்க்காமல் எண்ணை மட்டும் வைத்து வரவு வைக்கும் வங்கி முறைகள் பல நாடுகளில் இருக்கின்றன. அங்கே சிறு தொகை போய்ச் சேர்ந்தது என்றால் கணக்கு உயிரோடு இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். அனுப்பிய தொகை எவ்வளவு என்று சப்ளையரிடம் தொலைபேசியில் கேட்டு, அவர் சரியாகச் சொன்னால்தான் சோதனைக்குப் பயன் உண்டு.

தொலைபேசி என்றதும் யாருடைய எண்ணை அழைப்பது என்ற கேள்வி வருகிறது. கணக்கு விவரம் வந்த மின்னஞ்சலின் அடியில் ஒரு எண் இருக்கும். அதை அழைக்கக் கூடாது. அந்த மின்னஞ்சலை அனுப்பியவர் வேறு யாரோ என்றால் அந்த எண்ணும் அவருடையதாகத்தான் இருக்கும், எடுத்துப் பேசுபவரும் அவர்தான், “ஆமாம், எங்கள் கணக்குதான்” என்று உறுதி சொல்பவரும் அவர்தான். எண்ணை வேறு இடத்திலிருந்து எடுக்க வேண்டும். நம் மேலாளர் அந்தப் பட்டறைக்கு நேரில் போனபோது வாங்கிவந்த எண்ணோ, அரசுப் பதிவேட்டில் உள்ள எண்ணோ நல்லது. சப்ளையரின் இணையதள எண்ணைப் பயன்படுத்துவதாக இருந்தால், அந்தத் தளத்துக்கு மின்னஞ்சலில் உள்ள இணைப்பு வழியாகப் போகாமல் நாமே தேடிப் போக வேண்டும்.

அழைத்த பிறகு கேட்கும் விதத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. நம்மிடம் உள்ள கணக்கு எண்ணை வாசித்துக் காட்டி “சரிதானே?” என்று கேட்டால், எதிர்முனையில் இருப்பவர் பாதி கவனத்தில் “சரிதான்” என்று சொல்லிவிடுவார். எண்ணை அவரை வாசிக்கச் சொல்லி நாம் ஒப்பிட வேண்டும். அட்டைப்பெட்டிக்காரர் தன் காசோலைப் புத்தகத்தை எடுத்துவந்து முழு எண்ணையும் வாசிக்கிறார், பொருந்துகிறது. அழைத்தவர் பெயர், பேசியவர் பெயர், அழைத்த எண், அந்த எண் எங்கிருந்து கிடைத்தது, தேதி, நேரம், இத்தனையும் ரெக்கார்டின் குறிப்பில் ஏறுகின்றன. “போனில் உறுதி செய்யப்பட்டது” என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து எதையும் நிரூபிக்க முடியாது.

தடைப் பட்டியல்கள்

சில நபர்களுக்கும் நிறுவனங்களுக்கும் பணம் கொடுப்பதையே சட்டம் தடுக்கிறது. ஐ.நா. பாதுகாப்பு அவை ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அமெரிக்கக் கருவூலத்தின் ஒஃபாக் அலுவலகம், ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன் என்று தனித்தனிப் பட்டியல்களும் இருக்கின்றன. எந்தப் பட்டியல் நமக்குப் பொருந்தும் என்பது நாம் எந்த நாட்டில் இருக்கிறோம், எந்த நாணயத்தில், எந்த வங்கி வழியாகப் பணம் அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலும் ஒரு மென்பொருள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் தேடிக் கொடுத்துவிடும்.

சப்ளையரின் பெயரை மட்டும் தேடினால் போதாது. ஒஃபாக் விதிப்படி, தடைசெய்யப்பட்டவர்கள் ஒருவரோ பலரோ சேர்ந்து 50 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனம், அதன் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும் தடைக்குள் வந்துவிடும். அதனால்தான் படிவத்தில் உரிமையாளர்கள் யார், யாரிடம் எத்தனை சதவீதம் என்று கேட்கிறார்கள். 25 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர்களைக் குறிப்பிடச் சொல்வது பல நாடுகளில் வழக்கம். உரிமையாளர் இன்னொரு நிறுவனம் என்றால், அதற்குப் பின்னால் உள்ள மனிதர் வரும்வரை கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

தேடினால் பொய்ப் பொருத்தங்கள் நிறைய வரும். வேறு மொழிப் பெயரை ஆங்கில எழுத்தில் பலவிதமாக எழுதலாம் என்பதால் மென்பொருள் கொஞ்சம் தளர்வாகத்தான் ஒப்பிடுகிறது. அட்டைப்பெட்டிக்காரரின் பெயருக்கும் ஒரு பொருத்தம் வருகிறது. பட்டியலில் உள்ளவரின் பிறந்த ஆண்டு வேறு, நாடு வேறு. அதனால் அவர் இவர் அல்ல. இப்படித் தள்ளும்போது எதனால் தள்ளினோம் என்று எழுதிவைப்பது கட்டாயம். காரணம் எழுதாமல் “பொருந்தவில்லை” பொத்தானை அழுத்திக்கொண்டே போனால், உண்மையான பொருத்தம் வரும் நாளில் விரல் அதே வேகத்தில் அதையும் அழுத்திவிடும்.

ஒப்புதல்: யார் எதற்குக் கையெழுத்திடுகிறார்கள்

இனி ஒப்புதல். கோரிக்கை வைப்பவர், ரெக்கார்டை மென்பொருளில் ஏற்றுபவர், அதை ஒப்புக்கொள்பவர், இந்த மூவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும். ஏற்றுபவரையும் ஒப்புக்கொள்பவரையும் பிரிப்பதை மேக்கர்-செக்கர் என்பார்கள். இன்னொரு பிரிவினையும் வேண்டும்: ரெக்கார்ட் உருவாக்கும் ஆளிடம் பணம் அனுப்பும் அதிகாரம் இருக்கக் கூடாது. இரண்டும் ஒரே கையில் இருந்தால், இல்லாத சப்ளையரை உருவாக்கி, அவருக்குப் பணமும் அனுப்பி, யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம்.

ஆளைப் பிரித்துவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது. ஐந்து பேர் ஒப்புதல் கொடுக்கும் வரிசைகளைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவரும் முன்னவர் பார்த்திருப்பார் என்று நம்பிக் கையெழுத்திடுவார்கள், கடைசியில் எவரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஐந்து கையெழுத்தைவிட, எதற்குக் கையெழுத்திடுகிறோம் என்று தெரிந்த இரண்டு கையெழுத்து மேல். பர்ச்சேஸ் மேலாளர் உறுதி செய்வது இந்தச் சப்ளையர் நமக்குத் தேவை, விலையும் நிபந்தனையும் பேசியபடி இருக்கின்றன என்பதை. நிதிப் பிரிவில் செக்கர் உறுதி செய்வது ரெக்கார்டில் ஏறியிருப்பதும் ஆவணத்தில் இருப்பதும் ஒன்றுதான், அழைப்புக் குறிப்பு முழுமையாக இருக்கிறது என்பதை. அவர் திரையில் உள்ள வங்கி எண்ணை மேக்கர் எழுதிய குறிப்போடு ஒப்பிட்டால் போதாது. வங்கிக் கடிதத்தைத் திறந்து அதனோடு ஒப்பிட வேண்டும். மேக்கர் பிழையாக எழுதியிருந்தால் குறிப்பிலும் அதே பிழைதான் இருக்கும்.

எல்லாச் சப்ளையருக்கும் இதே ஆழம் தேவையா என்றால், இல்லை. ஒரே ஒருமுறை சிறு தொகைக்கு வாங்கும் ஒருவரிடம் உரிமையாளர் வரிசை முழுவதையும் கேட்டுக்கொண்டிருப்பது அநியாயம். நிறுவனத்தின் தரவுகளைத் தொடும் மென்பொருள் சப்ளையரிடமோ, நம் சார்பில் அரசு அலுவலகங்களுக்குப் போகும் முகவரிடமோ வழக்கத்தைவிட அதிகம் கேட்கவேண்டியிருக்கும். தொகை, வேலையின் தன்மை, நாடு, இவற்றை வைத்துப் படிவத்தை மூன்று அளவாக வைத்திருப்பார்கள். ஆனால் எந்த அளவிலும் வங்கிக் கணக்குச் சரிபார்ப்பை மட்டும் குறைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சிறு தொகைக்கு உருவாக்கிய ரெக்கார்டில் பெரிய தொகைக்கு இன்வாய்ஸ் வருவதை எதுவும் தடுப்பதில்லை.

அவசரம் என்று வரும்போதும் ஒரு வழி இருக்கிறது. ரெக்கார்டைப் பேமெண்ட் பிளாக் போட்டு உருவாக்கலாம். நிறுவனத்தின் அடையாளமும் தடைப் பட்டியல் தேடலும் முடிந்து, வங்கி உறுதி மட்டும் பாக்கி என்றால் இது பொருந்தும். ஆர்டர் போகும், சரக்கும் வரும், பணம் மட்டும் நகராது. நம் அட்டைப்பெட்டிக்காரருக்குப் புதிய கணக்கு திறக்க ஒரு வாரம் ஆனபோது இப்படித்தான் செய்தார்கள். பணம் தரவேண்டிய கெடு சரக்கு வந்து முப்பது நாளில்தான் என்பதால் யாருக்கும் இழப்பு இல்லை. பிளாக்கை எடுக்கும் அதிகாரம் அதைப் போட்டவரிடம் இல்லாமல் செக்கரிடம் இருந்தது.

முதல் இன்வாய்ஸ் வந்தபோது அதில் அச்சிட்டிருந்த வரிப் பதிவு எண்ணையும் வங்கி எண்ணையும் ரெக்கார்டோடு இன்னொரு முறை ஒப்பிட்டார்கள். புதிய ரெக்கார்டில் முதல் பணம் போகும்போது இதைச் செய்வது நல்ல வழக்கம், அதற்குப் பிறகு யாரும் பார்க்கப் போவதில்லை என்பதால். வங்கி விவரத்தை மாற்றச் சொல்லி எப்போது கடிதம் வந்தாலும், பத்து ஆண்டு பழகிய சப்ளையராகவே இருந்தாலும், அதைப் புதிய சப்ளையர் கோரிக்கை போலவே நடத்த வேண்டும்: நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய எண்ணில் அழைப்பது, கணக்கு எண்ணை அவரை வாசிக்கச் சொல்வது, இரண்டாவது ஆள் ஒப்புக்கொள்வது, அதுவரை பேமெண்ட் பிளாக்.